200 டாலர் மென்பொருள், கார்டில் 21,072.79 ரூபாய்: எந்தப் பணம் யாருக்குப் போனது?

வரைபடம்

வணக்கம். வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் 3டி வடிவமைப்பு மென்பொருளுக்கு ஓராண்டுச் சந்தா வாங்கினேன். தளத்தில் போட்டிருந்த விலை 200 டாலர். அன்றைக்கு கூகுளில் ஒரு டாலர் 85.20 ரூபாய். அப்படிப் பார்த்தால் 17,040 ரூபாய்தான் வர வேண்டும்.

கட்டியவுடன் வந்த எஸ்எம்எஸ்ஸில் 20,154.40 என்று இருந்தது. மூன்று நாள் கழித்து ஸ்டேட்மென்டில் இரண்டு வரிகள் ஏறியிருக்கின்றன. முதல் வரி 20,945.30. இரண்டாவது வரியில் ஜிஎஸ்டி என்று 127.49. மொத்தம் 21,072.79. கணக்கிட்டதைவிட நான்காயிரத்துச் சொச்சம், கிட்டத்தட்ட 24 சதவீதம் கூடுதல். வெளிநாட்டு நாணயத்தில் கட்டினால் வங்கி எடுக்கும் கட்டணம், அதாவது மார்க்கப், 3.5 சதவீதம் என்றுதான் கார்டு வாங்கும்போது சொன்னார்கள். விசா கிரெடிட் கார்டு. வங்கி எந்த ரேட்டில் மாற்றியது என்று எங்கேயும் போடவில்லை. வங்கியிடம் புகார் கொடுக்கலாமா?

மலைக்கோட்டை

புகார் கொடுத்துப் பயனில்லை. மார்க்கப் 3.5, அதற்கு மேல் ஜிஎஸ்டி 18. இரண்டையும் கூட்டினால் 21.5 ஆகிவிடுகிறது. அதோடு ரேட்டிலும் கொஞ்சம் ஏற்றியிருப்பார்கள். உங்கள் 24 அங்கேயே வந்துவிட்டதே. அடுத்த முறை தளத்தில் "ரூபாயில் செலுத்து" என்று கேட்டால் அதைத் தேர்ந்தெடுங்கள். ரூபாயில் கட்டினால் மார்க்கப் கிடையாது.

பற்றுவரவு

மலைக்கோட்டை, 18 சதவீத ஜிஎஸ்டி முழுத் தொகைக்கும் இல்லை. வங்கி எடுத்த கட்டணத்துக்கு மட்டும்தான். 3.5-இல் 18 சதவீதம் 0.63. ஆக மொத்தம் 4.13 சதவீதம். அதனால் 24 சதவீதத்துக்கு வேறு காரணம் இருக்க வேண்டும். ரூபாய்த் தேர்வைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், அதில் பாதிதான் சரி.

வரைபடம், உங்கள் ஸ்டேட்மென்டிலேயே விடை இருக்கிறது. சில வங்கிகள் மார்க்கப்பைத் தனி வரியாகக் காட்டும். சில வங்கிகள் வாங்கிய தொகைக்குள்ளேயே அதைச் சேர்த்துவிட்டு, ஜிஎஸ்டியை மட்டும் தனியாகப் போடும். உங்களுடையது இரண்டாவது வகை. அப்படி இருந்தால் ஜிஎஸ்டி வரியிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும்.

127.49-ஐ 0.18-ஆல் வகுத்தால் 708.28 வரும். வங்கி எடுத்த மார்க்கப் அவ்வளவுதான். அதை முதல் வரியான 20,945.30-இலிருந்து கழித்தால் 20,237.02. விசா கொடுத்த ரூபாய் மதிப்பு இது. 708.28 என்பது 20,237-இல் சரியாக 3.5 சதவீதம். எனவே வங்கி சொன்னபடிதான் எடுத்திருக்கிறது.

இப்போது 20,237-ஐ 200 டாலரால் வகுத்தால் ஒரு டாலருக்கு 101 ரூபாய்க்கு மேல் வருகிறது. விசா, மாஸ்டர்கார்டு போன்ற எந்த நெட்வொர்க்கிலும் அந்த ரேட் இருக்காது. ஆகவே கார்டிலிருந்து போனது 200 டாலர் இல்லை. விற்பனையாளர் மின்னஞ்சலில் அனுப்பிய இன்வாய்ஸைத் திறந்து கடைசி வரியைப் பாருங்கள். 236 டாலர் என்று இருக்கும் என்பது என் ஊகம்.

வரைபடம்

பார்த்துவிட்டேன். 236.00 தான். 200-க்குக் கீழே 18 சதவீத வரி என்று 36 டாலர் சேர்த்திருக்கிறார்கள். கட்டும் பக்கத்தில் நான் அதைக் கவனிக்கவில்லை. வெளிநாட்டு நிறுவனம் எப்படி நம் ஊர் ஜிஎஸ்டி வாங்குகிறது? ஒரே வாங்கலுக்கு இரண்டு முறை ஜிஎஸ்டியா?

பற்றுவரவு

இரண்டும் வேறு வேறு பொருளுக்கான வரி. முதலாவது, மென்பொருள் சேவைக்கு. வெளிநாட்டிலிருந்து இணையம் வழியாக இந்தியாவிலுள்ள தனிநபருக்குச் சேவை விற்கும் நிறுவனம் இங்கே பதிவு செய்து ஐஜிஎஸ்டி வசூலித்துக் கட்ட வேண்டும். மென்பொருள், இணையச் சேமிப்பகம், ஸ்ட்ரீமிங் சந்தா எல்லாம் இதில் அடக்கம். இரண்டாவது, வங்கி செய்த நாணய மாற்றுச் சேவைக்கான கட்டணத்தின் மீது வரும் வரி. இரண்டுமே 18 சதவீதமாக இருப்பதால்தான் குழப்பம்.

இப்போது உங்கள் 4,032.79 கூடுதலைப் பிரித்துவிடலாம். 20,237-ஐ 236-ஆல் வகுத்தால் ரேட் 85.75.

விற்பனையாளர் வாங்கிய வரி 36 டாலர், 85.75 வீதம் 3,087 ரூபாய். கூகுளின் 85.20-க்கும் விசாவின் 85.75-க்கும் உள்ள 55 காசு வித்தியாசம் 200 டாலருக்கு 110 ரூபாய். வங்கியின் மார்க்கப்பும் அதன் ஜிஎஸ்டியும் சேர்ந்து 835.79. கூட்டிப் பாருங்கள், 4,032.79 வரும். நீங்கள் வங்கியைச் சந்தேகப்பட்டீர்கள். நான்கில் மூன்று பங்கு வங்கிக்குப் போகவே இல்லை.

அடுத்த முறை வாங்குவதற்கு முன்பே கணக்கிட இந்த ஒரு வரி போதும். மார்க்கப்பைத் தசமமாகப் போடுங்கள், 3.5 சதவீதம் என்றால் 0.035.

```
மொத்தம் = இன்வாய்ஸ் தொகை × நெட்வொர்க் ரேட் × (1 + மார்க்கப் × 1.18)
```

தளத்தின் விலைப் பக்கத்தில் இருக்கும் எண்ணைப் போடாதீர்கள். வரி சேர்ந்து, கட்டும் பொத்தானுக்கு மேலே வரும் கடைசித் தொகையைத்தான் போட வேண்டும்.

இரவுப்பணி

நான் துணிக்கடைக்கு டிசைன் செய்து கொடுக்கிறேன், ஜிஎஸ்டி பதிவு இருக்கிறது. எனக்கும் இந்த 36 டாலர் விழுமா?

பற்றுவரவு

வாங்கும்போதே உங்கள் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்தால் விற்பனையாளர் பொதுவாக அந்த வரியைச் சேர்க்க மாட்டார். ஆனால் வரி மறைந்துவிடாது. ரிவர்ஸ் சார்ஜ் முறையில் நீங்களே ரிட்டர்னில் கட்டி, தொழிலுக்கான செலவாக இருந்தால் உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எண் கொடுக்கும் பெட்டி பெரும்பாலும் பில்லிங் முகவரிக்குக் கீழே இருக்கும். இன்வாய்ஸ் வந்த பிறகு மாற்றச் சொன்னால் பல நிறுவனங்கள் மறுத்துவிடும்.

கடல்காற்று

கஸ்டம்ஸ் டூட்டியை யாரும் கணக்கில் எடுக்கவில்லையே? போன மாதம் வெளிநாட்டிலிருந்து ஒரு கீபோர்டு வரவழைத்தேன். கூரியர்காரர் வீட்டு வாசலில் தனியாகப் பணம் கேட்டார். கார்டு ரேட்டை வைத்து டூட்டி கணக்கிட்டால் அவர் சொன்ன தொகை வரவேயில்லை.

பற்றுவரவு

இங்கே பேசுவது பதிவிறக்கம் செய்யும் மென்பொருள், அதற்குக் கஸ்டம்ஸ் இல்லை. உங்கள் கீபோர்டுக்கு ஒரு வார்த்தை. சுங்கத்துறை உங்கள் கார்டு ரேட்டைப் பார்ப்பதில்லை. மறைமுக வரிகள் வாரியம் அறிவிக்கும் தனி மாற்று விகிதத்தில்தான் பொருளின் மதிப்பைப் போடுவார்கள், அனுப்பும் செலவும் காப்பீடும் அதில் சேரும். அதனால் இரண்டு கணக்கும் ஒத்துப்போகாது. வேறு இழையில் கேட்டால் விரிவாகப் பேசலாம்.

வரைபடம்

நன்றி. இன்னும் ஒரு சந்தேகம். எஸ்எம்எஸ்ஸில் 20,154.40 என்றுதானே வந்தது? 236-ஆல் வகுத்தால் 85.40. பிறகு எப்படி 85.75 ஆனது?

தறிநூல்

வங்கியில் கார்டு பிரிவில் வேலை பார்ப்பவள் என்பதால் இதற்கு நான் பதில் சொல்கிறேன். நீங்கள் பொத்தானை அழுத்தும்போது நடப்பது அனுமதி மட்டும். அந்த நேர ரேட்டில் ஒரு தொகையை உங்கள் லிமிட்டிலிருந்து ஒதுக்கி வைக்கிறோம். எஸ்எம்எஸ் அதைத்தான் சொல்கிறது. மார்க்கப் பெரும்பாலும் அதில் இருக்காது. விற்பனையாளர் தன் வங்கி வழியாகப் பணத்தைக் கோரும்போதுதான் உண்மையான பரிவர்த்தனை நெட்வொர்க்குக்கு வருகிறது. அது ஒரு நாளிலும் வரலாம், நான்கு நாளிலும் வரலாம். நெட்வொர்க் அந்த நாளின் ரேட்டைப் போட்டு எங்களுக்கு அனுப்பும். இடையில் ரூபாய் இறங்கினால் கூடும், ஏறினால் குறையும். உங்களுக்கு 35 காசு கூடியிருக்கிறது.

எஸ்எம்எஸ்ஸை வைத்துக்கொண்டு "இதற்கு மேல் எடுத்துவிட்டீர்கள்" என்று அழைப்பவர்கள் நிறையப் பேர். அந்தத் தொகைக்கு வங்கி உத்தரவாதம் தருவதில்லை.

பற்றுவரவு

தறிநூல் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ரேட்டைச் சரிபார்க்க விசாவும் மாஸ்டர்கார்டும் தங்கள் தளங்களில் கணிப்பான் வைத்திருக்கின்றன. அதில் மூன்று இடங்களில் தவறு நடக்கும். தேதிப் பெட்டியில் வாங்கிய தேதியைப் போடுவார்கள், கணக்கில் ஏறிய தேதிக்கு நெருக்கமான நாளைத்தான் போட வேண்டும். வங்கிக் கட்டணப் பெட்டியில் ஏதாவது எண் இருந்தால் விடையில் அதுவும் சேர்ந்துவிடும், சுத்த ரேட் வேண்டுமென்றால் 0 போடுங்கள். மூன்றாவது, கார்டின் நாணயம் எது, வாங்கிய நாணயம் எது என்பதைத் திருப்பிப் போட்டால் ரேட் சிறிது மாறும். அந்தச் சிறு வித்தியாசத்தைப் பார்த்து வங்கி ஏமாற்றியதாக எண்ணிவிடுவார்கள்.

கூகுள் காட்டுவது சந்தையின் நடு விலை. அந்த விலைக்குக் கார்டில் யாருக்கும் கிடைக்காது. முன்கூட்டியே மதிப்பிடும்போது கணிப்பானின் ரேட்டை எடுத்து, அரை ரூபாய் ஏறலாம் என்று வைத்துக்கொண்டால் போதும்.

மலைக்கோட்டை

சரி, ஜிஎஸ்டியில் நான் சொன்னது தவறு. ஆனால் ரூபாயில் கட்டினால் 3.5 மார்க்கப் விழாது என்பது உண்மைதானே? எத்தனையோ பேர் அப்படித்தான் செய்கிறார்கள்.

பற்றுவரவு

3.5 விழாது, அதுவரை சரி. அதற்குப் பதிலாக இரண்டு விஷயம் நடக்கும்.

ஒன்று, டாலரை ரூபாயாக மாற்றுவது அப்போது விசா இல்லை. விற்பனையாளரோ அவருடைய பணச் சேவை நிறுவனமோ தன் ரேட்டில் மாற்றும். அந்த ரேட்டுக்குள் அவர்களுடைய லாபம் இருக்கும், தனியாகக் காட்ட மாட்டார்கள். இரண்டு, கடை வெளிநாட்டில் பதிவானது என்றால், ரூபாயில் போட்டாலும் அது எல்லை தாண்டிய பரிவர்த்தனைதான். பல வங்கிகள் அதற்கு 1 சதவீதமும் ஜிஎஸ்டியும் சேர்த்து 1.18 சதவீதம் எடுக்கின்றன. விற்கும் இடத்திலேயே நாணயத்தை மாற்றுவதற்கு டிசிசி என்று பெயர், கட்டணப் பட்டியலில் டிசிசி மார்க்கப் என்று சின்ன எழுத்தில் இருக்கும்.

வரைபடத்தின் 236 டாலரையே எடுப்போம். தளம் ஒரு டாலருக்கு 90 ரூபாய் வீதம் 21,240 என்று காட்டியிருந்தால், வங்கியின் 1 சதவீதம் 212.40, அதன் ஜிஎஸ்டி 38.23. மொத்தம் 21,490.63. டாலரில் கட்டிய 21,072.79-ஐவிட 417.84 ரூபாய் அதிகம்.

ஆனால் ரூபாய் எப்போதும் நஷ்டம் என்றும் சொல்லிவிட முடியாது. இரண்டும் சமமாகும் இடம், தளம் காட்டும் ரேட் நெட்வொர்க் ரேட்டைவிட 2.9 சதவீதம் கூடுதலாக இருக்கும்போது. 85.75-க்கு அது 88.25. இன்வாய்ஸ் தொகையால் ரூபாயை வகுத்துப் பாருங்கள். 88.25-க்குக் கீழே வந்தால் ரூபாய் மலிவு, மேலே போனால் டாலர் மலிவு. இது 3.5 சதவீத மார்க்கப் கார்டுக்கும் 1 சதவீத டிசிசி கட்டணத்துக்கும் மட்டும். மார்க்கப் 2 சதவீதமே உள்ள கார்டு என்றால் டாலரில் இதே வாங்கல் 20,714.59-இல் முடிந்திருக்கும். மார்க்கப் இல்லாத கார்டில் 20,237. அவற்றில் ரூபாய்த் தேர்வுக்கு வாய்ப்பு மிகக் குறைவு.

இரவுப்பணி

பேபாலில் கட்டினால்? எனக்கு எப்போதும் ரூபாய்த் தொகைதான் காட்டுகிறது. டாலரில் கட்டும் வழியே தெரியவில்லை.

தறிநூல்

பேபால் தானே மாற்றிக் காட்டுவது இயல்பான அமைப்பு. தொகைக்குக் கீழே நாணய மாற்றுத் தேர்வுகளுக்கு ஒரு சிறு இணைப்பு இருக்கும். அதைத் திறந்தால் விற்பனையாளர் இன்வாய்ஸ் போட்ட நாணயத்திலேயே கார்டில் வசூலிக்கச் சொல்லலாம். பற்றுவரவு சொன்ன அதே வகுத்தல் கணக்கை இங்கேயும் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ரூபாயில் விட்டால் மேலே சொன்ன 1 சதவீதமும் வரலாம்.

கடல்காற்று

வெளிநாட்டுச் செலவுக்கு 20 சதவீதம் டிசிஎஸ் என்று முன்கூட்டியே வரி பிடிப்பார்களே, அது இந்தக் கணக்கில் எங்கே?

பற்றுவரவு

தனிநபர் ஓராண்டில் வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கான திட்டம் எல்ஆர்எஸ். 2023-இல் கிரெடிட் கார்டையும் அதன் வரம்புக்குள் கொண்டுவருவதாக அறிவித்தார்கள். அந்த ஜூன் மாதக் கடைசியிலேயே அதைத் தள்ளிவைத்துவிட்டார்கள். டெபிட் கார்டு, ஃபாரெக்ஸ் கார்டு செலவுகள் எல்ஆர்எஸ்ஸில் சேரும். ஆனால் 2025 ஏப்ரல் 1 முதல் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் தாண்டினால்தான் டிசிஎஸ். பிடித்தாலும் அது செலவு ஆகாது, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். 236 டாலருக்கு இந்தப் பேச்சே வேண்டாம்.

வரைபடம்

இன்னொரு கேள்வி. மென்பொருள் என் பழைய கணினியில் ஓடத் திணறுகிறது. 30 நாளுக்குள் திருப்பினால் முழுப் பணம் என்று நிறுவனம் சொல்கிறது. எனக்கு 21,072.79 திரும்ப வருமா?

பற்றுவரவு

வராது. நிறுவனம் 236 டாலரை முழுதாகத் திருப்பும், அவர்கள் வாக்கு அதோடு நிறைவேறிவிட்டது. அது திரும்பும் நாளின் ரேட்டில் ரூபாயாகும். அன்று 84.60 என்று வைத்தால் 19,965.60 வரவாகும். ரேட்டில் 271.40 போச்சு. மார்க்கப்பும் ஜிஎஸ்டியும் சேர்ந்த 835.79-ஐப் பல வங்கிகள் திருப்புவதில்லை, மாற்றும் வேலை நடந்துவிட்டது என்பது அவர்கள் வாதம். அப்படியானால் மொத்த இழப்பு 1,107.19. ரூபாய் இறங்கியிருந்தால் ரேட்டில் லாபமும் வரலாம்.

இதைத் தவிர்க்க ஒரே இடம் முதல் ஓரிரு நாட்கள்தான். ஸ்டேட்மென்டில் ஏறாமல் நிலுவை என்று காட்டும்போதே விற்பனையாளர் ரத்து செய்தால், ஒதுக்கிவைத்த தொகை அப்படியே விடுபடும். மாற்றமே நடக்காததால் மார்க்கப்பும் இல்லை. உங்களுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது.

தறிநூல்

மார்க்கப் திரும்பாது என்பதை நான் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். மார்க்கப்பைத் தொகைக்குள் சேர்க்கும் வங்கிகளில், திரும்பும் பணத்துக்கும் மார்க்கப் சேர்த்து வரவு வைப்பதும் உண்டு, கழித்து வைப்பதும் உண்டு. வங்கிக்கு வங்கி மட்டுமல்ல, ஒரே வங்கியில் கார்டு வகைக்கு வகையும் மாறும். பணம் வந்ததும் 236-ஆல் வகுத்து, அன்றைய விசா ரேட்டோடு ஒப்பிடுங்கள். அதே ரேட் என்றால் மார்க்கப் திரும்பவில்லை. 3.5 சதவீதம் கூடுதலாக இருந்தால் திரும்பிவிட்டது. குறைவாக இருந்தால் இரண்டாம் முறையும் பிடித்திருக்கிறார்கள், அப்போது கட்டணப் பட்டியலைக் காட்டச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் கேட்டால் வாடிக்கையாளர் சேவையில் ரேட்டை மட்டும் சொல்லி வைத்துவிடுவார்கள்.

பற்றுவரவு

ஏற்கிறேன். சேர்த்து வரவு வைக்கும் வங்கியை நான் பார்த்ததில்லை, ஆனால் இல்லை என்று சொல்ல ஆதாரம் என்னிடம் இல்லை.

மலைக்கோட்டை

ஆப் ஸ்டோர், ஸ்ட்ரீமிங் எல்லாம் முதலிலிருந்தே ரூபாயில்தான் விலை போடுகின்றன. அங்கே டாலரே கிடையாது. அதற்கும் இந்த 1 சதவீதம் விழுமா?

தறிநூல்

விலை எந்த நாணயத்தில் என்பது முக்கியமில்லை, கடை எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறது என்பதுதான் முக்கியம். ஸ்டேட்மென்டில் கடைப் பெயருக்குப் பக்கத்தில் சிங்கப்பூர், டப்ளின் என்று ஊர் வந்தால் கட்டணம் விழலாம். மும்பை, குர்கான் என்றால் விழாது.

பற்றுவரவு

இங்கே நான் ஒத்துப்போக மாட்டேன். ஊர்ப் பெயர் வெளிநாடாக இருந்தும் கட்டணம் விழாத ஸ்டேட்மென்ட்கள் உண்டு. மாற்றம் எதுவும் நடக்காமல் முதலிலிருந்தே ரூபாயில் இருக்கும் தொகையைச் சில வங்கிகள் டிசிசியாகக் கணக்கில் எடுப்பதில்லை. கட்டணப் பட்டியலின் வாசகத்தைப் பாருங்கள். "வெளிநாட்டில் பதிவான கடையில் ரூபாயில் செய்யும் பரிவர்த்தனை" என்று எழுதியிருந்தால் தறிநூல் சொல்வதே நடக்கும்.

தறிநூல்

எங்கள் பட்டியலில் அந்த வாசகம்தான் இருக்கிறது. மற்ற வங்கிகளின் பட்டியல் வைத்திருப்பவர்கள் அந்த ஒரு வரியை இங்கே போடுங்கள். கூடவே, ரூபாயில் போன சந்தா ஒன்றுக்கு மாதக் கடைசியில் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்று சின்னத் தொகை தனியாக ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். 199 ரூபாய் சந்தா என்றால் 1.99-ம் அதற்கு 36 காசு ஜிஎஸ்டியும் வந்திருக்க வேண்டும்.

வரைபடம்

என் ஸ்டேட்மென்டில் ஒரு ஸ்ட்ரீமிங் சந்தா சிங்கப்பூர் என்று இருக்கிறது. தொகை 199. கீழே வேறு எந்த வரியும் இல்லை. ஆனால் சுழற்சி முடிய இன்னும் நாள் இருக்கிறது, ஸ்டேட்மென்ட் முழுதாக வந்ததும் மறுபடி பார்த்துப் போடுகிறேன். மென்பொருளைத் திருப்பப் போவதில்லை, கணினிக்கு ரேம் சேர்ப்பது 1,107 ரூபாயை விடுவதைவிட மேல்.

இரவுப்பணி

ரேம் எங்கே வாங்கினாலும் உள்ளூரில் வாங்குங்கள். என்னிடம் இருக்கும் இரண்டு வங்கிகளின் கட்டணப் பட்டியலையும் இன்றிரவு பார்த்து அந்த வரியைப் போடுகிறேன்.